மூணு கட்டை போதும்: ஆறு வயதுக் கதைசொல்லிக்குக் கதைக் கட்டையும் படச் சீட்டும்

என் மகளுக்கு ஆறு வயது. ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி போகும் வரை கதை சொல்வாள். குளிக்கும்போது சொல்வாள், தோசையைப் பிய்த்துக்கொண்டே சொல்வாள். "ஒரு காக்கா இருந்துச்சாம், அப்புறம் அது பறந்துச்சாம், அப்புறம் ஒரு யானை வந்துச்சாம், அப்புறம் மழை பெஞ்சுச்சாம்..." காக்காவுக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம், மழையால் யாருக்கு என்ன ஆச்சு, எதுவும் தெரியாது. அடுத்த 'அப்புறம்' வந்துவிடும்.

இந்த வயதில் அது குறை இல்லை. நிகழ்ச்சிகளை வரிசையாக அடுக்கத் தெரிந்த குழந்தை அவள். ஒன்றால் இன்னொன்று நடக்கிறது என்று கோக்கத் தெரிவது அதற்கு அடுத்த படி. பக்கத்துக்கு ஒரு படம் போட்டு உருட்டுகிற கதைக் கட்டையும், அட்டையில் படம் போட்ட படச் சீட்டும் அந்தப் படியில் கை கொடுக்கும், ஆனால் வாங்கிக் கொடுத்துவிட்டால் மட்டும் அது நடக்காது. எந்தப் படங்கள், எத்தனை, பெரியவர்கள் எப்போது வாயைத் திறக்கலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எது சரிப்பட்டு வந்ததோ அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

கடையில் வாங்கும் கட்டை

ஆன்லைனிலும் பெரிய பொம்மைக் கடைகளிலும் கிடைக்கும் 'ரோரிஸ் ஸ்டோரி க்யூப்ஸ்' தான் இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ரோரி ஓ'கானர் என்பவர் உருவாக்கியது. ஒரு பெட்டியில் 9 கட்டைகள், ஒவ்வொன்றிலும் 6 பக்கம், ஆக 54 படங்கள். எழுத்தே கிடையாது, வெறும் கோட்டுப் படம், அதனால் தமிழில் கதை சொல்ல ஒரு தடையும் இல்லை. ஒன்பதையும் உருட்டி, விழுந்த ஒன்பது படங்களும் வருகிற மாதிரி ஒரு கதை சொல்ல வேண்டும் என்பது வழக்கமான விளையாட்டு.

அந்த ஒன்பதில்தான் சிக்கலே. ஆறு வயதுக் குழந்தை முன்னால் ஒன்பது படங்கள் விழுந்தால் அது கதை சொல்லாது, பெயர் சொல்லும். "சாவி, அப்புறம் வீடு, அப்புறம் நிலா, அப்புறம் மீன்" என்று கட்டையைக் கட்டையாகத் தொட்டுக்கொண்டே போய் ஒன்பதாவதில் "முடிஞ்சுது" என்று எழுந்துவிடும். ஏற்கெனவே இருக்கிற 'அப்புறம்' நோய்க்கு அது தீனி போட்ட மாதிரி. உங்களிடம் அந்தப் பெட்டி இருந்தால் மூன்று கட்டைகளை மட்டும் வெளியே எடுங்கள். மீதி ஆறையும் குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

இன்னொன்று. அந்தப் பெட்டியில் எந்தக் கட்டை எதற்கு என்று பிரிவு இல்லை. மூன்று உருட்டினால் மூன்றும் பொருளாகவே விழலாம். கதைக்கு ஆளே இல்லாமல் போய்விடும். பெரியவர்கள் சமாளித்துக்கொள்வோம், குழந்தை திணறும். அதனால்தான் முதல் மூன்று கட்டைகளை வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்கிறேன்.

வீட்டில் செய்வது

மரக்கட்டைக்கு இரண்டு வழி. கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் சின்னச் சின்ன வெறும் மரக்கட்டைகள் கிடைக்கும். இல்லையென்றால் பக்கத்தில் வேலை நடக்கிற இடத்தில் தச்சரிடம் கேளுங்கள். ஓர் அங்குல ரீப்பர் துண்டு ஒன்றை அங்குலத்துக்கு அங்குலம் அறுத்துக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. ஆறு வயதுக் கைக்கு ஓர் அங்குலம், அதாவது 2.5 சென்டிமீட்டர், சரியான அளவு. வீட்டில் வாயில் போடுகிற வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால் இரண்டு அங்குலமாக அறுக்கச் சொல்லுங்கள்.

அறுத்த கட்டையின் விளிம்பு கையைக் கீறும். 120 நம்பர் உப்புக் காகிதத்தால் எல்லா மூலைகளையும் தேய்த்து மழுக்குங்கள். மூலை மழுங்கினால்தான் கட்டை நன்றாக உருளவும் செய்யும்.

படம் வரைவதில் நான் ஒரு கட்டையை வீணாக்கினேன். நேராக மார்க்கரால் வரைந்தேன். நான்கு பக்கத்தில் கோடு சுத்தமாக வந்தது. அறுபட்ட இரண்டு பக்கத்தில் மை நாருக்குள் இறங்கிப் பரவி, குடை கறுப்புப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. மரத்தின் வெட்டுமுகம் அப்படித்தான் உறிஞ்சும். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு பூச்சு பூசி, நன்றாகக் காயவிட்டு, பென்சிலால் வரைந்து, அதன்மேல் மார்க்கர் போடுங்கள். வரைந்த பிறகு வார்னிஷ் அடிக்க ஆசை வரும். வேண்டாம், சில மார்க்கர் மை கரைந்து இழுபடும்.

வரைய வராதவர்கள் ஸ்டிக்கர் தாளில் படங்களை அச்செடுத்து ஒட்டலாம். 2.5 சென்டிமீட்டர் கட்டைக்கு 2 சென்டிமீட்டர் சதுரம் போதும். விளிம்பு வரை ஒட்டினால் இரண்டே நாளில் உரியும். சதுரத்தின் நான்கு மூலைகளையும் கத்தரியால் கொஞ்சம் வளைத்து வெட்டிவிடுங்கள். ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் கேளுங்கள். இங்க்ஜெட் அச்சு வியர்வைக் கையில் கரையும், நம் ஊர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

உருட்டுவதற்கு முறம். இது என் அம்மா சொன்னது. தரையில் உருட்டினால் கட்டை கட்டிலுக்கு அடியில் ஓடும், கீழ் வீட்டுக்காரர் தலையில் டொக்கென்று கேட்கும். முறத்தில் போட்டுக் குலுக்கினால் இரண்டும் இல்லை. அரிசி புடைப்பது மாதிரி குலுக்குவது அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

எந்தப் படம்

இதில்தான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மூன்று கட்டைக்கு மூன்று வண்ணம். சிவப்பு 'யார்', நீலம் 'எங்கே', பச்சை 'என்ன ஆச்சு'. ஆறு ஆறாக மொத்தம் 18 படம். குறைவாகத் தெரியும், ஆனால் ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் ஆறு, 216 விதமாக விழும். ஒரு நாளைக்கு ஒன்று என்றால்கூட ஏழு மாதம் ஓடும்.

எங்கள் சிவப்புக் கட்டையில் சுண்டல் விற்கிற அண்ணன், பூ கட்டுகிற ஆயா, காக்கா, தெருவில் படுத்திருக்கும் மாடு, குடை பிடித்த ஒரு சிறுமி, போர்வைக்குள் முகம் தெரியாமல் தூங்கும் ஓர் ஆள். நீலத்தில் மெரினா கலங்கரை விளக்கம், மின்சார ரயில், மொட்டை மாடி, மயிலாப்பூர் தெப்பக்குளம், மீன் மார்க்கெட், பாதி திறந்த ஒரு கதவு. பச்சையில் அறுந்த செருப்பு, ஓட்டை விழுந்த தண்ணீர் கேன், சாவி இல்லாத பூட்டு, யாரோ பாதி கடித்து வைத்த வடை, ஈரமான காலடித் தடம், நூல் அறுந்து பறக்கிற காத்தாடி.

பச்சைக் கட்டையைக் கவனித்துப் பாருங்கள். ஆறிலும் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது, அல்லது பாதியில் நிற்கிறது. வெறும் செருப்பை வரைந்தால் குழந்தை "செருப்பு போட்டுக்கிட்டு போனாங்க" என்று தாண்டிவிடும். செருப்பு அறுந்திருந்தால் தாண்ட முடியாது, ஏதாவது செய்தாக வேண்டும். பூட்டோடு சாவியையும் வரைந்தீர்களானால் அங்கேயே கதை முடிந்தது. சாவியை விட்டுவிடுங்கள்.

டிவியில் வரும் பொம்மைப் பட உருவங்களைக் கட்டையில் ஏற்றாதீர்கள். அந்த ஆளுக்குக் குணம், குரல், எதிரி எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தை பார்த்ததைத் திருப்பிச் சொல்லுமே தவிர, புதிதாக எதுவும் கட்டாது. சிரிக்கிற முகம், அழுகிற முகமும் தேவையில்லை. பூக்கார ஆயாவுக்கு முகத்தில் இரண்டு புள்ளி மட்டும் வைத்தேன். ஒரு நாள் அவள் கோபக்காரி, ஒரு நாள் திருடனைப் பிடிப்பவள்.

முதல் நாள் எப்படிப் போனது

சாயங்காலம் ஆறரை மணி. தாத்தா வந்திருந்தார். முறத்தில் விழுந்தவை சுண்டல் அண்ணன், கலங்கரை விளக்கம், அறுந்த செருப்பு.

"சுண்டல் அண்ணா லைட் ஹவுஸ் மேல ஏறினார். அப்புறம் செருப்பு அறுந்துபோச்சு. அப்புறம் வீட்டுக்குப் போயிட்டார். அவ்ளோதான்."

பதினைந்து நொடி. பெரும்பாலான வீடுகளில் முதல் கதை இப்படித்தான் வரும், கவலைப்பட வேண்டாம். இந்த இடத்தில் "ஏன் ஏறினார்? எப்போ ஏறினார்? அவர் பேரென்ன?" என்று கேள்விகளை அடுக்கினால் அது பள்ளிக்கூடப் பரீட்சை ஆகிவிடும். நான் கேள்வி கேட்கவில்லை. இரண்டு அட்டைத் துண்டுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் 'ஆனா', இன்னொன்றில் 'அதனால'. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். அவள் பேசுகிற வார்த்தையாகவே எழுதினேன், 'ஆனால்' என்று எழுதவில்லை. 'அதனால' அட்டையை அறுந்த செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

சும்மா இருப்பதுதான் கஷ்டம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஏழு, எட்டு வரும்போது "அதனால அவர்..." என்று நாமே எடுத்துக் கொடுக்க வாய் துடிக்கும். பொறுங்கள்.

"செருப்பு அறுந்துச்சு, அதனால... ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டே ஏறினார். ஆயிரம் படி."

தாத்தாவால் பொறுக்க முடியவில்லை. "அங்க லிஃப்ட் இருக்கே பாப்பா" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான், மெரினா கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆயிரம் படியும் போச்சு, நொண்டியும் போச்சு. கதை அங்கேயே நின்றிருக்கும். நான் 'ஆனா' அட்டையை எடுத்து வைத்தேன்.

"லிஃப்ட் இருக்கு. ஆனா... ஆனா கரண்ட் போயிடுச்சு! அதனால லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. சுண்டல் அண்ணா உள்ள மாட்டிக்கிட்டார். ஆனா சுண்டல் சூடா இருக்கு, லேட் ஆனா ஊசிப்போயிடும். அதனால அவர் அறுந்த செருப்பை ஜன்னல் வழியா கீழ போட்டார். ஒரு காக்கா அதை எடுத்துட்டுப் போய் ஆயாகிட்ட காட்டுச்சு. ஆயாக்குத் தெரியும், இது நம்ம சுண்டல் அண்ணா செருப்பாச்சேன்னு. அதனால எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டாங்க."

லிஃப்டுக்கு ஜன்னல் ஏது என்று தாத்தா கேட்கவில்லை. அதற்குள் அவரும் 'ம்' கொட்ட ஆரம்பித்திருந்தார்.

இந்தக் கதையை முன்னதோடு வைத்துப் பாருங்கள். அதே மூன்று படம்தான். முதலில் செருப்பு அறுந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் அந்தச் செருப்பே ஆளைக் காப்பாற்றுகிறது. இடையில் நான் வைத்தது இரண்டு அட்டை மட்டும். ஒரு கதைக்குப் பெரியவர்கள் இரண்டு அட்டைக்கு மேல் வைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. குழந்தை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம்.

பெரியவர்களின் மீதி வேலை உம் கொட்டுவது. நம் பாட்டிகள் கதை சொல்லும்போது 'ம்' என்று கேட்டால்தான் அடுத்த வரியைச் சொல்வார்கள் இல்லையா, அதையே திருப்பிச் செய்கிறோம். குழந்தை யோசிக்க நேரம் கிடைக்கிறது, நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் தெரிகிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டுகிற 'ம்' எது என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

படச் சீட்டு எதற்கு

கட்டை ஒரு கதையைத் தொடங்கிவைக்கும். நீட்டி, அடுக்கி, மாற்றிப் பார்க்கச் சீட்டுதான் வசதி. கட்டை உருண்ட பிறகு அடுத்த உருட்டலில் பழைய படம் மறைந்துவிடும். சீட்டு வைத்த இடத்திலேயே கிடக்கும், கதை வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும். அதனால் கட்டை பழகி மூன்று நான்கு வாரம் ஆன பிறகு சீட்டுக்குப் போங்கள்.

ஏ4 அட்டையை எட்டாக வெட்டினால் ஒரு சீட்டு சுமார் 10.5-க்கு 7.4 சென்டிமீட்டர் வரும், குழந்தை ஒரு கையில் பிடிக்கிற அளவு. மூன்று அட்டைக்கு 24 சீட்டு. பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதக் கடைகள்தான், அங்கே 300 ஜிஎஸ்எம் அட்டை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதைவிட மெல்லியதாக இருந்தால் நம் ஊர் ஈரக் காற்றில் சுருண்டுகொள்ளும்.

படத்துக்கு நாங்கள் போனில் எடுத்த புகைப்படங்களையே அச்செடுத்தோம். மழையில் முட்டிவரை தண்ணீர் நின்ற எங்கள் தெரு, பஸ் ஸ்டாப்பில் யாரோ விட்டுப்போன பை, கிணற்று மூடி, காலி ஊஞ்சல். வீட்டு மனிதர்களின் முகம் தெரியாத படமாகப் பார்த்து எடுத்தேன். அத்தை முகம் இருந்தால் அது அத்தையின் கதையாகத்தான் வரும்.

ஆடும் முறை இது. சீட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். கட்டை உருட்டி முதல் வரி சொன்னதும் இரண்டு சீட்டை மட்டும் திறக்கட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கதையில் சேர்த்து, வரிசையில் வைக்க வேண்டும். மற்றது அடுக்குக்கு அடியில் போகும். இப்படி நாலைந்து சீட்டு வந்ததும் கதை முடிய வேண்டும். ஒன்றே ஒன்று திறந்தால் சீட்டு சொல்வதைக் கதை கேட்கும். இரண்டு திறந்தால் கதைக்கு எது பொருந்தும் என்று குழந்தை யோசிக்கிறது. "காலி ஊஞ்சலா, பையா? பை. ஏன்னா திருடன் அதைத்தான் தேடுறான்." அந்த 'ஏன்னா' தானாக வந்தது.

கதை முடிந்ததும் நடுவில் இருக்கும் இரண்டு சீட்டை இடம் மாற்றி வைத்து, "இப்ப சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பை முதலில் கிடைத்து, வெள்ளம் பிறகு வந்தால் கதை வேறாகிவிடும். எல்லா நாளும் இதைச் செய்யாதீர்கள், சில நாள் சலித்துக்கொள்வாள்.

எங்கெல்லாம் இடறும்

பிடித்த படம் விழும்வரை திரும்பத் திரும்ப உருட்டுவது முதலில் வரும். எங்கள் வீட்டில் காக்கா வராமல் ஆட்டமே தொடங்காது. ஒரே ஒரு கட்டையை ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தேன். எதை மாற்றுவது என்று யோசிக்கும்போதே பாதிக் கதை வந்துவிடுகிறது.

தினமும் ஒரே கதை என்பது அடுத்தது. இரண்டு வாரம் எங்கள் வீட்டில் பேய்தான். தடுக்க வேண்டாம், பேயை இருக்கவிடுங்கள். நீலக் கட்டையை மட்டும் உருட்டுங்கள். மொட்டை மாடிப் பேய் மீன் மார்க்கெட்டுக்குப் போனால் அதற்கு நாற்றம் தாங்காது, அதனால் ஏதாவது செய்தாக வேண்டும்.

கதை முடியவே மாட்டேன் என்கிறதா? தூங்கும் நேரம் தள்ளிப்போக வேண்டும் என்று சில பிள்ளைகள் இழுப்பார்கள், சிலருக்கு உண்மையிலேயே முடிக்கத் தெரியாது. வீட்டு வாசல் வரைந்த ஒரு சீட்டைத் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிடுங்கள். எப்போது வைப்பது என்பது அவள் விருப்பம், வைத்ததும் எல்லோரும் சேர்ந்து "கதை முடிஞ்சுது, கத்தரிக்கா காய்ச்சுது" சொல்ல வேண்டும். அந்த வரியைச் சொல்லும் ஆசையிலேயே முடிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

சில நாள் ஒன்றும் வராது. பள்ளிவிட்டு வந்த களைப்பிலோ பசியிலோ இருக்கும் பிள்ளையிடம் கட்டையை நீட்டினால் தூக்கி எறியத்தான் செய்யும். முறத்தை எடுத்து மாட்டிவிட்டு அடுத்த நாள் பாருங்கள். வந்த நாளிலும் கால் மணி நேரம் போதும்.

எழுதி வைப்பது

சொன்ன கதையை ஒரு நோட்டில் எழுதுங்கள், அவள் சொன்ன வார்த்தையிலேயே. சிகாகோவில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்த விவியன் பேலி என்ற ஆசிரியை இதை வகுப்பறை வழக்கமாகவே வைத்திருந்தார். குழந்தை சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொள்வார், பிறகு வகுப்பே அதை நடித்துக் காட்டும். 'போச்சு' என்றால் 'போச்சு', 'லைட் ஹவுஸ்' என்றால் 'லைட் ஹவுஸ்'. திருத்தி எழுதினால் படித்துக் காட்டும்போது "நான் இப்படிச் சொல்லல" என்று கண்டுபிடித்துவிடுவாள். கை ஓடவில்லையென்றால் போனில் பதிவு செய்துவிட்டு ராத்திரி எழுதலாம்.

நோட்டில் இன்னொரு பயனும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை பழைய கதையையும் புதிய கதையையும் எடுத்து 'அப்புறம்' எத்தனை, 'ஆனா', 'அதனால' எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அட்டை வைக்காமலே அவளாக 'ஆனா' சொல்ல ஆரம்பித்திருந்தால் நாலாவது கட்டைக்கு நேரம் வந்துவிட்டது.

நாலாவது கட்டையை நீங்கள் வரைய வேண்டாம், அவளே வரையட்டும். என் மகள் ஐந்து பக்கத்தில் வரைந்தாள். ஒரு பல்லி, ஒரு ராக்கெட், தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, இட்லி, இன்னொரு காக்கா. ஆறாவது பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிட்டாள். மறந்துவிட்டாயா என்று கேட்டேன். "இல்லம்மா, அது விழுந்தா என்ன வேணா வரலாம்" என்றாள்.